ஒன்பது கட்டங்களில் ஒரு கடையின் சரக்கு

கடையிலோ கிடங்கிலோ இருக்கும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஆண்டு முழுவதும் அந்தப் பொருளில் எவ்வளவு பணம் புரள்கிறது? அதன் விற்பனை எவ்வளவு சீராக நடக்கிறது? முதல் கேள்விக்கான விடையை வைத்துப் பொருள்களை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். இரண்டாவதை வைத்து எக்ஸ், ஒய், இசட் என்று பிரிப்பார்கள். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு இருப்பு வைப்பது, எப்போது ஆர்டர் போடுவது என்ற விதி தனி. சரக்கு மேலாண்மையில் ஏபிசி-எக்ஸ்ஒய்இசட் பகுப்பாய்வு என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் ஏபிசி மூத்தது. நாட்டின் செல்வத்தில் பெரும்பகுதி சிலரிடமே குவிந்திருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃப்ரெடோ பரேட்டோ கணக்கில் காட்டினார். அதே சாய்வு கிடங்குச் சரக்கிலும் இருப்பதைக் கண்டு, 1951இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி ஏபிசி முறையைக் கட்டுரையாக எழுதினார். எக்ஸ்ஒய்இசட் பிரிவு ஜெர்மானியப் பொருள் மேலாண்மை நூல்களில் நெடுநாளாகப் புழங்குவது. இந்தியப் பாடநூல்கள் சில, கையிலிருக்கும் இருப்பின் மதிப்பை வைத்துப் பிரிப்பதையும் இதே எழுத்துகளால் குறிக்கின்றன. அது வேறு கணக்கு. இங்கே பேசப்படுவது விற்பனையின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பிரிப்பது.

ஏபிசி மட்டும் ஏன் போதாது என்பதை இரு சக்கர வாகன உதிரிபாகக் கடை ஒன்றை வைத்துப் பார்க்கலாம். கணக்குக்காக ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொள்வோம். அதில் 600 வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஆண்டு விற்பனை, கொள்முதல் விலையில் ₹90 லட்சம். எஞ்சின் ஆயில் மாதம் சுமார் 200 பாட்டில் போகிறது. சிலிண்டர், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்ந்த சிலிண்டர் கிட் ஆண்டுக்கு 36 போகிறது. இரண்டிலும் பணம் நிறையப் புரள்வதால் இரண்டும் ஏ வகுப்பில்தான் வரும். ஆனால் ஆயிலுக்குச் சரியாக வேலை செய்யும் விதி சிலிண்டர் கிட்டில் முதலை முடக்கிவிடும். முடக்கியும், வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது.

பணத்தை வைத்துப் பிரிப்பது

முதல் படி எளிது. கடந்த 12 மாதங்களில் விற்ற எண்ணிக்கையைக் கொள்முதல் விலையால் பெருக்க வேண்டும். அதுவே அந்தப் பொருளின் ஆண்டு மதிப்பு. விற்பனை விலையால் பெருக்கினால் லாப விகிதம் கூடிய சின்னச் சாமான்கள் தகுதிக்கு மீறி மேலே ஏறிவிடும். முடங்குவது வாங்கிய காசு என்பதால் கொள்முதல் விலையே இங்கு பொருந்தும். பிறகு பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை மொத்தத்தில் 80 சதவீதத்தைத் தொடும் வரை ஏ, 95 சதவீதத்தைத் தொடும் வரை பி, மிச்சமெல்லாம் சி.

மாதிரிக் கடையில் முதல் 110 பொருள்களிலேயே ₹72 லட்சம் வந்துவிடுகிறது. அவை ஏ. அடுத்த 160 பொருள்கள் ₹13.5 லட்சம் தருகின்றன. கடைசி 330 பொருள்கள், அதாவது அலமாரியில் பாதிக்கு மேல், சேர்ந்து தருவது ₹4.5 லட்சம்தான். 80, 95 என்ற எல்லைகள் வழக்கத்தில் நின்றவையே. 70, 90 என்று வைப்பவர்களும் உண்டு. எல்லை எங்கே விழுந்தாலும் இந்தச் சாய்வு மாறுவதில்லை.

சீரை அளப்பது

இரண்டாவது படிக்குப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வரும் மாறுபாட்டுக் கெழு போதும். மாத விற்பனைகளின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் அது கிடைக்கும். பெரிதாக விற்கும் பொருளையும் சிறிதாக விற்கும் பொருளையும் ஒரே அளவுகோலில் வைக்கவே இந்த வகுத்தல். எக்செல் தாளில் ஒரு வரிசையில் 12 மாத விற்பனை இருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=STDEV.S(B2:M2)/AVERAGE(B2:M2)
```

மாதிரிக் கடையின் எஞ்சின் ஆயில் ஜனவரி தொடங்கி 200, 190, 215, 205, 185, 210, 195, 220, 180, 205, 200, 195 என்று விற்றிருக்கிறது. சராசரி 200, திட்ட விலக்கம் சுமார் 12, கெழு 0.06. அதாவது விற்பனை ஏறக்குறைய நேர்கோடு. சிலிண்டர் கிட் 0, 1, 9, 0, 2, 0, 14, 1, 0, 3, 0, 6 என்று போயிருக்கிறது. சராசரி 3, விலக்கம் 4.5, கெழு 1.49.

கெழு 0.5க்குள் இருந்தால் எக்ஸ், 0.5 முதல் 1 வரை ஒய், 1க்கு மேல் போனால் இசட் என்பது பரவலாகப் புழங்கும் எல்லை. தொழிலைப் பொறுத்து இதை இறுக்கவோ தளர்த்தவோ செய்கிறார்கள். அன்றாட மளிகை போன்ற வேகமான சரக்குக்கு இதைவிட இறுக்கமான எல்லை வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் எல்லாமே எக்ஸில் போய் விழும், பிரித்ததற்கே பயன் இராது. மாதிரிக் கடைக்கு 0.5, 1 என்றே வைத்தால் ஆயில் ஏ-எக்ஸ் கட்டத்திலும் சிலிண்டர் கிட் ஏ-இசட் கட்டத்திலும் உட்காரும்.

இந்த இரண்டு எழுத்துகளும் இரண்டு வேறு சேதிகளைச் சொல்கின்றன. ஒரு பொருளுக்கு எவ்வளவு கவனம் தகும் என்பதை முதல் எழுத்து சொல்கிறது. அந்தப் பொருளின் விஷயத்தில் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதை இரண்டாவது எழுத்து சொல்கிறது. ஒன்பது கட்டங்களின் விதிகளும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

ஏ-எக்ஸ்: கணக்கை நம்பலாம்

ஆயிலை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் போட்டால் மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வர ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரத்தில் சராசரியாக 47 பாட்டில் விற்கும். ஆனால் சராசரிக்கு மேலும் விற்கலாம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். அதுதான் பாதுகாப்பு இருப்பு. அதன் சூத்திரத்தில் மூன்று உறுப்புகள்: எத்தனை சதவீதம் உறுதி வேண்டும் என்பதற்கான ஓர் எண், மாத விலக்கம், சரக்கு வரும் காலத்தின் வர்க்கமூலம்.

98 சதவீத உறுதிக்கு அந்த எண் 2.05. அதாவது சரக்குக்காகக் காத்திருக்கும் நூறு தடவைகளில் இரண்டு தடவை மட்டும் இருப்பு தீரலாம். மாத விலக்கம் 12. ஒரு வாரம் என்பது மாதத்தில் 7/30 பங்கு. அதன் வர்க்கமூலம் 0.48. மூன்றையும் பெருக்கினால் வருவது 12 பாட்டில். மாதத்தில் வாரம் கால்பங்குதானே என்று விலக்கத்தை நாலால் வகுக்கக் கூடாது. காலம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஏற்ற இறக்கம் பாதியளவே சுருங்கும். வர்க்கமூலம் வருவது அதனால்தான். ஆக, கையில் 47 + 12 = 59 பாட்டில் இருக்கும்போது அடுத்த ஆர்டர் போய்விட வேண்டும்.

பாட்டில் ₹320 என்றால் இந்தப் பாதுகாப்பு இருப்பில் முடங்கும் தொகை ₹3,840. ஆண்டுக்கு ஏழே முக்கால் லட்சம் ரூபாய் புரளும் பொருளில் 98 சதவீத உறுதியை இந்த விலைக்கு வாங்க முடிகிறது. ஏ-எக்ஸ் கட்டத்தின் சிறப்பு இதுதான். இங்கே அடிக்கடி, கொஞ்சங் கொஞ்சமாக வாங்குவது நல்லது. வாரம் ஒருமுறை வருகிற வண்டியில் 50 பாட்டில் இறங்கினால் போதும். ஸ்கீம் இருக்கிறது, நூறு பெட்டி எடுத்தால் இரண்டு பெட்டி இலவசம் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது, அந்த இரண்டு பெட்டியின் விலையையும் மற்றப் பெட்டிகள் எத்தனை மாதம் குந்தியிருக்கும் என்பதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிரதிநிதியின் மாத இலக்கு நிறைவதுதான் அதில் கிடைக்கும் பலன்.

ஏ-ஒய்: ஏறி இறங்கினாலும் காரணம் தெரியும்

பிரேக் ஷூ செட் ₹140. ஆண்டுக்கு 720 செட் போவதால் மதிப்பு ₹1,00,800. அதுவும் ஏ வகுப்புதான். மாத விற்பனை 40, 35, 30, 35, 35, 30, 40, 50, 75, 145, 135, 70. சராசரி 60, விலக்கம் 40, கெழு 0.67. அதனால் ஒய்.

இந்த எண்களைப் பார்த்ததும் தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கு அக்டோபரும் நவம்பரும் கண்ணில் படும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீரும் சேறும் டிரம்முக்குள் புகுந்து ஷூ தேய்வதும், வழுக்கும் சாலையில் பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டிகள் பட்டறைக்கு வருவதும் சேர்ந்து விற்பனையைத் தூக்குகின்றன. கெழு 0.67 என்றாலும் இந்த ஏற்ற இறக்கம் கண்மூடித்தனமானதல்ல. முந்தைய ஆண்டின் விற்பனையும் இதே வடிவில் இருந்தால், பருவத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது மிஞ்சும் ஏற்ற இறக்கம் எக்ஸ் பொருளுக்கு உரியதாகவே இருக்கும். கழிக்கும் முறையும் சிக்கலானதல்ல. அக்டோபர் விற்பனை சராசரியைப் போல் 2.4 மடங்கு, ஜூன் விற்பனை பாதி. ஒவ்வொரு மாத விற்பனையையும் அந்த மாதத்தின் மடங்கால் வகுத்துவிட்டு, கெழுவை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு ஆண்டுக் கணக்காவது வேண்டும். ஒரே ஆண்டை வைத்துச் செய்தால் எல்லா மாதமும் சராசரியாகவே வந்து நிற்கும், அதில் எதுவும் தெரியாது.

இந்தக் கட்டத்தில் நேரும் பெரிய தவறு கணினி செய்வது. பல பில்லிங் மென்பொருள்கள் கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்து அடுத்த மாதத்துக்கு ஆர்டர் பரிந்துரைக்கும். அக்டோபர் பிறக்கும்போது அது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரைப் பார்த்து 55 செட் போதும் என்று சொல்லும். விற்பது 145. டிசம்பர் பிறக்கும்போது முந்தைய மூன்று மாதங்களைப் பார்த்து 118 வாங்கச் சொல்லும். விற்பது 70, ஜனவரியில் 40. மழைக்கு முன்னால் பற்றாக்குறை, மழைக்குப் பின்னால் தேக்கம் என்று ஆண்டுதோறும் ஒரு கடை அல்லாடினால், மூன்று மாதச் சராசரியை ஒய் பொருளுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

எனவே ஏ-ஒய் விதி நாட்காட்டியோடு சேர்ந்தது. ஆகஸ்ட் இறுதியிலேயே மழைக்கால ஆர்டரை வைத்துவிட வேண்டும். ஊரிலுள்ள எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில் ஷூ வேண்டியிருப்பதால் அக்டோபரில் மொத்த வியாபாரியிடமும் சரக்கு தீரும். ஒரு வாரத்தில் வருவது மூன்று வாரம் ஆகும். நவம்பர் நடுவிலேயே வாங்குவதை நிறுத்தி, இருப்பைக் கரைக்கத் தொடங்க வேண்டும். ஆர்டர் அளவைக் கணினி சொல்லலாம், ஆனால் அது பார்க்க வேண்டியது போன ஆண்டின் இதே மாதத்தை. மழை முந்துகிறதா பிந்துகிறதா என்பதைப் பார்த்து மனிதர் திருத்துவார்.

ஏ-இசட்: கணக்கை விட்டுவிட்டு விசாரிக்க வேண்டிய இடம்

சிலிண்டர் கிட்டுக்கு ஆயிலின் சூத்திரத்தையே போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? இது கம்பெனியிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 98 சதவீத உறுதிக்கான பாதுகாப்பு இருப்பு 2.05 × 4.5, அதாவது 9 கிட். ஒரு கிட் ₹2,400 என்பதால் ₹21,600 முடங்கும். மூன்று மாத விற்பனைக்குச் சமமான இருப்பு இது. இதற்குப் பிறகும் ஜூலையில் கேட்டது 14. சராசரியான 3ஐயும் சேர்த்துக் கையிலிருக்கும் 12 போதவில்லை. சூத்திரம் பொய் சொல்லவில்லை. விற்பனை சராசரியைச் சுற்றி இருபுறமும் மணி வடிவில் பரவியிருக்கும் என்ற அனுமானத்தில் கட்டப்பட்டது அது. பாதி மாதங்களில் பூஜ்யமும் சில மாதங்களில் பத்துக்கு மேலும் வருகிற பொருளில் அந்த அனுமானமே நிற்காது.

ஏ-இசட் கட்டத்தில் செய்ய வேண்டியது பில் புத்தகத்தைத் திறப்பதுதான். 9, 14, 6 என்று போன மூன்று மாதங்களின் பில்லையும் எடுத்துப் பார்த்தால், மாதிரிக் கடையில் அவற்றை வாங்கியவை இரண்டே பட்டறைகள். இரண்டும் டெலிவரி வண்டிகளை மொத்தமாகப் பராமரிப்பவை. ஆண்டு விற்பனையான 36இல் 29 அவற்றுக்குப் போயிருக்கின்றன. கவுண்டருக்கு வந்து கேட்ட மெக்கானிக்குகள் வாங்கியது 7 மட்டுமே. இது தெரிந்ததும் ஒரு பொருள் இரண்டாகப் பிரிகிறது. கவுண்டர் விற்பனைக்கு இரண்டு கிட் இருந்தால் போதும். பட்டறைகளுக்கு இருப்பே வேண்டாம். ஒரு வண்டித் தொகுப்பு வேலைக்கு வரப்போவது பட்டறைக்கு வாரக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். அதை ஒரு போனில் சொல்ல வைத்து, முன்பணம் வாங்கி, அவர்கள் பெயரில் ஆர்டர் போடுவது நடக்கக்கூடிய காரியம். இருப்பில் முடங்கும் பணம் ₹21,600லிருந்து ₹4,800ஆக இறங்குகிறது. 14 கேட்டவருக்கு 14ம் கிடைக்கிறது.

ஒன்பது கட்டங்களில் அதிகப் பணம் மீள்வது இந்தக் கட்டத்தில்தான். பொருள்களின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றிலும் தொகை பெரிது, கணினியின் பரிந்துரை மிக மோசமாகத் தவறுவதும் இங்கேதான். இந்தப் பட்டியலை மட்டும் கணினியின் தானியங்கி ஆர்டரிலிருந்து விலக்கிவைத்து, முதலாளியோ அனுபவமுள்ள ஸ்டோர் பொறுப்பாளரோ கையால் பார்க்க வேண்டும்.

பி வரிசை

பி வரிசையின் மூன்று கட்டங்களும் ஏ வரிசையின் விதிகளையே தளர்த்திப் பின்பற்றுபவை. கிளச் பிளேட், ஏர் ஃபில்டர் போன்றவை இங்கே வரும். பி-எக்ஸுக்குக் கணினியே ஆர்டர் போடலாம். வாரம் ஒருமுறைக்குப் பதில் மாதம் ஒருமுறை வாங்கலாம். பி-ஒய்யில் பருவத்துக்கு முன்னால் ஒரு தடவை கையால் திருத்தினால் போதும். பி-இசட்டில் ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு, தீர்ந்ததும் ஒன்றுக்கு ஒன்று வாங்கலாம்.

சி-எக்ஸ்: எண்ணுவதே வீண்

ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டுக்கு அடியில் போடுகிற வாஷரின் விலை ₹4. மாதம் சுமார் 60 போகிறது, ஏறக்குறைய ஆயிலைப் போலவே சீராக. ஆண்டு மதிப்பு ₹2,880. இதற்கு வாரா வாரம் இருப்பு எண்ணி ஆர்டர் போட்டால், எண்ணுகிறவரின் கூலி வாஷரின் விலையைத் தாண்டிவிடும். ஆறு மாதத்துக்கு 360 வாஷரை மொத்தமாக வாங்கினால்கூட முடங்குவது ₹1,440தான்.

இங்கே பழைய தொழிற்சாலைகளில் கைவந்த இரண்டு பெட்டி முறை பொருந்தும். முன் பெட்டியிலிருந்து எடுத்து விற்பது, அது காலியானதும் பின் பெட்டியை முன்னால் இழுத்துவிட்டு ஆர்டர் சீட்டைக் கல்லாவில் போடுவது. பேரேடும் வேண்டாம், கணினியும் வேண்டாம். பின் பெட்டியில் இருக்கும் அளவு, சரக்கு வரும் காலத்தைப் போல் தாராளமாக இரண்டு மூன்று மடங்குக்குத் தாங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சி-ஒய் பொருளுக்கும் இதே முறைதான், பருவத்துக்கு முன்னால் பின் பெட்டி கொஞ்சம் பெரிதாகும்.

பாடநூல்கள் பலவற்றில் ஏ பொருளுக்கு உயர்ந்த உறுதி, சி பொருளுக்குக் குறைந்த உறுதி என்று ஓர் அட்டவணை இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் வாஷர் பத்தில் ஒரு தடவை தீர்ந்துபோவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கணக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. மலிவான, சீராக விற்கும் பொருளில் 99 சதவீத உறுதிக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். வாஷர் இல்லாததால் ஆயிலையும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிற மெக்கானிக் கொண்டுபோவது அதைவிடப் பெரிய தொகை. சி வகுப்புக்குக் குறைக்க வேண்டியது கவனத்தை, இருப்பை அல்ல.

சி-இசட்: அலமாரியை அடைத்துக்கொண்டிருப்பவை

மாதிரிக் கடையில் இந்தக் கட்டத்தில் 225 பொருள்கள். உற்பத்தி நின்றுபோன மாடல்களின் சைடு கவர், மீட்டர் கண்ணாடி, எப்போதோ ஒருவர் கேட்டதற்காகப் பத்தாக வாங்கிய லீவர். மொத்த வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தும், எல்லாம் சேர்ந்து விற்பது ஆண்டுக்கு ₹2 லட்சம். கையிருப்போ ₹3 லட்சம். ஆண்டு விற்பனையைவிட இருப்பு அதிகம் என்பது டெட் ஸ்டாக்கின் தெளிவான அடையாளம்.

விதி: இருப்பு வைக்காதே, கேட்டால் வாங்கிக் கொடு. ஏற்கெனவே இருப்பதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அடக்க விலைக்குக் கீழேயாவது தள்ளிவிட வேண்டும். ஆனால் பட்டியலை ஒட்டுமொத்தமாக அடித்துவிடக் கூடாது. இந்த அட்டவணைக்குத் தெரிந்தது பணமும் சீரும் மட்டுமே. ஒரு பொருள் இல்லாவிட்டால் என்ன கெடும் என்பது அதற்குத் தெரியாது. மருத்துவமனை மருந்துக் கிடங்கில் பாம்புக்கடி மருந்து சி-இசட் கட்டத்தில் விழக்கூடும். யாரும் அதை நிறுத்திவிட முடியாது. மருந்துக் கிடங்குகளில் உயிர் காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்ற மூன்று பிரிவுகளை ஏபிசியோடு சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். உதிரிபாகக் கடைக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. வண்டியை ஓடவிடாமல் நிறுத்தும் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, ஒன்று மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

கெழு தவறாகக் காட்டும் இடங்கள்

இசட்டில் விழுந்ததெல்லாம் உண்மையில் தறிகெட்ட விற்பனை அல்ல. ஒருவர்க்கொருவர் தொடர்பில்லாத வாடிக்கையாளர்கள் தற்செயலாக வந்து ஒவ்வொன்றாக வாங்கிப்போகும் பொருளில், மாத விற்பனையின் விலக்கம் சராசரியின் வர்க்கமூலமாக இருக்கும். அப்படியானால் கெழு, ஒன்றைச் சராசரியின் வர்க்கமூலத்தால் வகுத்த எண். மாதம் 100 விற்கும் பொருளுக்கு அது 0.1. மாதம் 4 விற்றால் 0.5. மாதம் 1 விற்றால் 1. ஆக, மாதம் நாலுக்குக் குறைவாக விற்கும் பொருள், வாடிக்கையாளர் கூட்டம் ஆண்டு முழுக்க மாறாமல் இருந்தாலும், எக்ஸுக்குள் நுழைவது அரிது. மெதுவாக விற்பதையும் ஒழுங்கில்லாமல் விற்பதையும் கெழு ஒன்றாகக் குழப்புகிறது. சி வரிசை எப்போதும் இசட் பக்கம் சாய்ந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இடையிடையே பூஜ்யம் வரும் விற்பனைக்கு, எத்தனை நாளுக்கொரு தடவை கேட்கிறார்கள் என்பதையும் கேட்கும்போது எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் தனித்தனியாக மதிப்பிடும் முறையை 1972இல் ஜே. டி. கிராஸ்டன் வெளியிட்டார். விமான உதிரிபாகம் போன்ற விலையுயர்ந்த, அரிதாக விற்கும் சரக்கில் அந்தக் குடும்ப முறைகள் பயன்படுகின்றன. சிறு கடைக்கு, பூஜ்ய மாதங்களை எண்ணி ஒரு பத்தியில் எழுதிவைத்தாலே பாதி விளங்கிவிடும்.

அடுத்தது பொய்யான பூஜ்யம். ஒரு மாதம் விற்பனை இல்லை என்று கணினி காட்டினால், வாங்க ஆள் இல்லாமல் போயிருக்கலாம், அல்லது விற்கச் சரக்கே இல்லாமல் போயிருக்கலாம். இரண்டாவது வகைப் பூஜ்யம் நல்ல எக்ஸ் பொருளையும் ஒய்யாகவோ இசட்டாகவோ காட்டிவிடும். விதிப்படி கணினி அதன் ஆர்டரைக் குறைக்கும், அதனால் மறுபடி சரக்கு தீரும், கெழு இன்னும் ஏறும். பூஜ்யம் வந்த மாதத்தின் தொடக்க இருப்பைப் பார்த்தால் இது பிடிபடும். தொடக்கத்திலேயே இருப்பு இல்லை என்றால் அந்த மாதத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். இதே காரணத்தால் வகைப்படுத்தலுக்குக் கொள்முதல் பதிவை ஒருபோதும் எடுக்கக் கூடாது. அதில் தெரிவது வாடிக்கையாளரின் போக்கு அல்ல, கடைக்காரர் எப்போதெல்லாம் வாங்கினார் என்பதே.

எந்தக் கால அளவில் விற்பனையைக் கூட்டுகிறோம் என்பதும் விடையை மாற்றும். அதே பொருளை மாதக் கணக்கிலிருந்து வாரக் கணக்குக்கு மாற்றினால், ஒவ்வொரு வார விற்பனையும் மற்றதோடு தொடர்பில்லாமல் இருக்கும் நிலையில், கெழு ஏறத்தாழ இரு மடங்காகும். மாதக் கணக்கில் 0.4 என்று எக்ஸாக இருந்தது வாரக் கணக்கில் 0.8 ஆகி ஒய்யில் உட்காரும். எனவே 0.5, 1 என்ற எல்லைகளை எங்கிருந்து எடுத்தாலும் எந்தக் கால அளவுக்குச் சொன்னது என்று பார்க்க வேண்டும். சரக்கு வர ஆகும் காலத்துக்கு நெருக்கமான அளவை எடுப்பது நல்லது. வாரத்தில் வரும் பொருளுக்கு வாரக் கணக்கும், இரண்டு மாதம் கழித்து வரும் இறக்குமதிச் சரக்குக்கு மாதக் கணக்கும் பொருந்தும்.

புதிதாக வந்த மாடலின் பாகத்துக்கு ஆறு மாத விற்பனைகூட இல்லாதபோது கெழு போடுவதில் பொருளில்லை. அவற்றை ஒன்பது கட்டங்களுக்கு வெளியே பத்தாவது பட்டியலாக வைத்து, பழைய மாடலின் அதே பாகம் எப்படி விற்றதோ அதை வைத்து ஓட்ட வேண்டும்.

வகைப்படுத்தலை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் பருவங்களும் மாடல்களும் முந்திவிடும். மாதா மாதம் செய்தால், எல்லையோரம் நிற்கும் பொருள்கள் ஏ-யிலிருந்து பி-க்கும் பி-யிலிருந்து ஏ-க்கும் குதித்துக்கொண்டே இருக்கும், ஆர்டர் விதிகளும் கூடவே மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எப்போதும் கடைசி 12 மாதங்களை வைத்துக் கணக்கிடுவது பரவலான நடைமுறை. கட்டம் மாறியதாகத் தெரிந்தால் உடனே விதியை மாற்றாமல், அடுத்த தடவையும் அதே கட்டத்தில் நின்றால் மட்டும் மாற்றுகிறார்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. எக்ஸிலிருந்து ஒரே தாவலில் இசட்டுக்குப் போன பொருளை இரண்டாவது தடவைக்காகக் காத்திருக்க விடக் கூடாது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் புதிதாக வந்திருப்பார், அல்லது இருந்தவர் போயிருப்பார். அந்த வாரமே பில்லை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.